மகன் ஊரில் இல்லாதபோது வீடு மக்கர் பண்ணினால்

2022 ஏப்ரல் நடுவில் அமெரிக்காவின் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோயின. அந்த நிறுவனத்தின் கருவிகளை வீட்டில் பொருத்தியிருந்தவர்கள் ஆப்பைத் திறந்தால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சுவிட்சைக் கையால் தட்டியவர்களுக்கு விளக்கு எரிந்தது. இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓடவிட்டார்கள். 

நம் வீடுகளிலும் இந்தக் கருவிகள் வந்துவிட்டன. பெரும்பாலும் வீட்டில் ஒருவர்தான் அவற்றை வாங்கி, இணைத்து, நேரம் வைத்து ஓட்டுகிறார். அவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டால், வீட்டில் இருப்பவர்களுக்கு மிஞ்சுவது ஒரு ஆப்பும் அவருடைய போன் நம்பரும்தான். போகும்முன் அவர் ஒரு தாள் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது பழுதுபார்க்கும் முறை அல்ல. ஆட்டோமேஷன் இல்லாமல் அன்றைய பொழுதை எப்படி ஓட்டுவது என்பதுதான் முதலில் வர வேண்டும். ரீசெட் அதற்கப்புறம். அதிலும் எந்த ரீசெட்டை வீட்டார் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

மதுரைப் புறநகரில் ஒரு மாடி வீடு. அப்பா, அம்மா இருவர் மட்டும் இருக்கிறார்கள். மகன் சென்னையில். டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று இருக்கிறது. ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள் அதில் ஓடுகிறது. 2013-இல் தொடங்கி, இன்று உலகெங்கும் வீட்டு ஆட்டோமேஷனில் ஈடுபாடுள்ளவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் இது. சுவிட்ச் போர்டுகளுக்குள் சின்னச் சின்ன வைஃபை ரிலேக்கள். ஹாலிலும் படுக்கையறையிலும் ஸ்மார்ட் பல்புகள். கதவில் எண் அழுத்தும் டிஜிட்டல் பூட்டு. மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். ஏசிக்கு ரிமோட்டைப் போலவே சிக்னல் அனுப்பும் ஒரு சிறு பெட்டி.

உங்கள் வீட்டில் கருவிகளின் பெயர் வேறாக இருக்கலாம். தாள் எழுதும் வரிசை பெரிதாக மாறாது.

முதலில் கையால்

விளக்கிலிருந்து தொடங்குவோம். சுவிட்ச் போர்டுக்குள் ரிலே வைப்பதும், பல்பையே ஸ்மார்ட் பல்பாக மாற்றுவதும் இரண்டு வேறு ஏற்பாடுகள். இரண்டிலும் கையால் இயக்கும் முறை வேறு. வீட்டில் எந்த அறையில் எது இருக்கிறது என்று தாளில் எழுதாவிட்டால் குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

ரிலே வைத்த அறையில், முறையாக இணைத்திருந்தால், வைஃபை போனாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்யும். சுவிட்சைத் தட்டுவதைப் பக்கத்திலேயே இருக்கும் ரிலே உணர்ந்துகொள்கிறது. அதற்கு ரௌட்டரும் தேவையில்லை, இன்டர்நெட்டும் தேவையில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் விளக்குக்குப் போகும் மின்சாரம் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. சுவிட்ச் ரிலேக்குச் சைகை மட்டும் காட்டுகிறது, மின்சாரத்தைத் திறந்து மூடுவது ரிலேதான். ஆகவே ரிலேயே செத்துப்போனால் சுவிட்சும் செத்த மாதிரிதான். அந்த ஓர் அறைக்கு எலக்ட்ரீஷியன் வரத்தான் வேண்டும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ரிலேயைக் கழற்றி, அதற்குள் வரும் ஃபேஸ் ஒயரையும் விளக்குக்குப் போகும் ஒயரையும் பழையபடி சுவிட்சிலேயே மாட்டிவிட்டால் விளக்கு சாதாரண விளக்காகிவிடும். பெரிய வேலை இல்லை. ஆனால் வருபவருக்கு எந்த ஒயர் எது என்று தெரிய வேண்டும். போர்டை மூடும்முன் எடுத்த ஒரு போட்டோவைப் பிரின்ட் போட்டுத் தாளுடன் சேர்த்து வைத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஸ்மார்ட் பல்பு கதை வேறு. அங்கே சுவர் சுவிட்ச் எப்போதும் ஆன் நிலையிலேயே இருக்கும், அதன்மேல் டேப் ஒட்டியிருப்பதும் உண்டு. ஆப் வேலை செய்யாதபோது சுவிட்சை ஒருமுறை அணைத்து, பத்து நொடி பொறுத்து, மறுபடி போட்டால் பெரும்பாலான பல்புகள் எரிந்துவிடும். இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எரியவில்லையே என்று டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. பல பல்புகளில் வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதுதான் ரீசெட் செய்யும் முறை. சில வகையில் மூன்று முறை, சிலவற்றில் ஐந்தாறு முறை. அதற்கப்புறம் பல்பு வீட்டு வைஃபையை மறந்துவிட்டுச் சிமிட்ட ஆரம்பிக்கும். கரண்ட் விட்டுவிட்டு வரும் மழை நாளில் யாரும் தொடாமலேயே இது நடக்கக்கூடும். சிமிட்டும் பல்பு பழுதாகவில்லை, மறுபடி இணைக்கச் சொல்லிக் காத்திருக்கிறது. அன்றைக்கு அந்த அறைக்கு ஒரு சாதாரண பல்பை மாட்டிக்கொண்டால் போதும். மாற்றுப் பல்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தாளில் இருக்கட்டும்.

ஏசிக்கு அதன் பழைய ரிமோட்டே மாற்று வழி. ரிமோட்டைப் பேட்டரியோடு பரணில் போட்டுவிட்டால், பேட்டரி கசிந்து தேவைப்படும் நாளில் உதவாது. பேட்டரியைத் தனியாக எடுத்து, ரிமோட்டோடு ஒரே கவரில் போட்டு, ஏசி இருக்கும் அறையிலேயே வையுங்கள்.

டிஜிட்டல் பூட்டில் உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்துபோவதுதான் அடிக்கடி வரும் சிக்கல். பல பூட்டுகளின் வெளிப்பக்கம், கீழே, இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியை அவற்றில் ஒட்டிப் பிடித்தபடியே எண்ணை அழுத்தினால் பூட்டு திறக்கும். சாவித் துவாரம் உள்ள பூட்டென்றால் சாவியே போதும். ஆனால் அந்தச் சாவி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவிடமோ, பக்கத்துத் தெரு சித்தப்பா வீட்டிலோ ஒன்று கொடுத்து வைப்பதும், அது யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைப்பதும் கட்டாயம். பூட்டின் சாவி பீரோவுக்குள் பத்திரமாக இருந்து, வீட்டுக்காரர் வாசலில் நிற்பது புதிய கதை அல்ல.

மோட்டார்: ஆபத்து இருக்கும் இடம்

விளக்கு எரியாவிட்டால் சிரமம். மோட்டார் நிற்காவிட்டால் நஷ்டம். டேங்க் நிரம்பி வழிந்து சுவர் ஊறும். சம்பில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஓடினால் மோட்டார் சூடேறிக் கெட்டுப்போகும். ஆகவே தாளில் பெரிய எழுத்தில் வர வேண்டியது இந்தப் பகுதிதான்.

மோட்டார் நிற்காமல் போவதற்கு ஒரு காரணத்தை வீட்டார் புரிந்துகொள்வது நல்லது. ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்சாரத்தைவிடப் பல மடங்கு அதிகத்தைக் கிளம்பும் அந்தக் கணத்தில் இழுக்கும். சின்ன ரிலேயில் நேரடியாக மோட்டாரை மாட்டியிருந்தால், அந்த இழுப்பில் தீப்பொறி பறந்து, நாளடைவில் ரிலேக்குள் இருக்கும் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அதற்குப் பின் ஆப்பில் ‘ஆஃப்’ என்று காட்டும், ரிலேயின் விளக்கும் அணைந்திருக்கும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை ஆப்பை அழுத்தினாலும், ரௌட்டரை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டதை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ரிலேயை நேரடியாக மோட்டாரில் மாட்டுவதில்லை. ரிலே ஒரு கான்டாக்டரை இயக்கும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கும். கூடவே ‘ஆட்டோ – ஆஃப் – மேனுவல்’ என்று மூன்று நிலை கொண்ட ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். மகன் எழுதிய தாளில் இந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

> அப்பா, அம்மா: மோட்டார் தானா ஓடலைன்னா மாடிப்படிக்குக் கீழே இருக்கிற பெட்டியில திருகு சுவிட்சை ‘மேனுவல்’ பக்கம் திருப்புங்க. அப்போ டேங்க் நிறைஞ்சாலும் மோட்டார் தானா நிக்காது. முழு டேங்க் நிறைய 25 நிமிஷம் ஆகுது, நான் அளந்து பார்த்தேன். போன்ல 20 நிமிஷத்துக்கு அலாரம் வைச்சிட்டு அப்புறம் திருப்புங்க. அதுக்கு முன்னாடி சம்ப்ல தண்ணி இருக்கான்னு மூடியைத் திறந்து பாருங்க.
>
> மோட்டார் நிக்கவே இல்லைன்னா முதல்ல திருகு சுவிட்சை ‘ஆஃப்’ல வையுங்க. அப்படியும் ஓடினா டி.பி. பாக்ஸ்ல சிவப்பு டேப் ஒட்டின எம்.சி.பி.யைக் கீழே இறக்குங்க. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கிற வரைக்கும் அதை மேலே தூக்காதீங்க.

25 நிமிடம் என்பது அந்த வீட்டின் டேங்குக்கும் அந்த மோட்டாருக்கும் உரிய கணக்கு. உங்கள் வீட்டில் காலி டேங்கை ஒருமுறை நிரப்பிப் பார்த்துத்தான் எண்ணை எழுத வேண்டும். சிவப்பு டேப்பும் முக்கியம். பதினைந்து எம்.சி.பி. வரிசையாக இருக்கும் பெட்டியில், தண்ணீர் வழியும் சத்தத்துக்கு நடுவே, மூக்குக் கண்ணாடி தேடிப் பெயர் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

எது கெட்டுப்போனது?

கைக்கு வழி கிடைத்தபின் நிதானமாகக் காரணம் தேடலாம். நான்கு கேள்விகளில் பெரும்பாலும் இடம் பிடிபட்டுவிடும். வரிசையாகக் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: அந்த அறையில் ஸ்மார்ட் அல்லாத ஏதாவது ஒன்று வேலை செய்கிறதா? சாதாரண பிளக்கில் போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். சார்ஜ் ஏறாவிட்டால் பிரச்சினை ஆட்டோமேஷனில் இல்லை. எம்.சி.பி. விழுந்திருக்கலாம், ஒரு ஃபேஸ் போயிருக்கலாம்.

இரண்டாவது: ஒரே ஒரு கருவியா, வீடு முழுவதுமா? ஒன்று மட்டும் என்றால் அந்தக் கருவியின் கோளாறு. கையால் இயக்கிக்கொண்டு மகன் வரும்வரை விட்டுவிடலாம். வீடு முழுவதும் என்றால் நடுவில் இருக்கும் பெட்டிகளில் ஒன்று நின்றிருக்கிறது.

மூன்றாவது: போனில் வீட்டு வைஃபையின் பெயர் தெரிகிறதா? பெயரே தெரியாவிட்டால் ரௌட்டருக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது ரௌட்டரே போய்விட்டது. பெயர் தெரிகிறது, ஆனால் யூடியூப் ஓடவில்லை என்றால் இன்டர்நெட் கம்பெனிக்காரரின் பக்கம் தடை. ஹோம் அசிஸ்டன்ட் வீட்டுக்குள்ளேயே ஓடுவதால், இன்டர்நெட் இல்லாதபோதும் வீட்டு வைஃபையில் இருந்தபடியே அதனோடு நேரடியாகப் பேசும் விளக்குகளை இயக்க முடியும். குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கரும், வெளிநாட்டு சர்வர் வழியாக ஓடும் கருவிகளும் நின்றுவிடும். 2025 அக்டோபர் 20-ஆம் தேதி அமேசானின் கிளவுட் சேவை தடைபட்டபோது உலகம் முழுக்கப் பல வீடுகளில் அலெக்ஸா பேசாமல் போனதும் இப்படித்தான். வீட்டில் ஒரு ஒயர்கூடக் கெடவில்லை. அந்த மாதிரி நாளில் செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றுதான். அலெக்ஸா பதில் சொல்லவில்லை என்று ரீசெட் செய்தால், கெடாததையும் கெடுத்தது போலாகும்.

நான்காவது: வைஃபையில் இருந்தபடி போனிலோ கணினியிலோ கீழே உள்ள முகவரியைத் திறந்தால் பக்கம் வருகிறதா?

```
http://homeassistant.local:8123
```

பக்கம் வராவிட்டால் ராஸ்பெர்ரி பை நின்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கம் வருகிறது, ஆனால் கருவிகளுக்கு எதிரே `Unavailable` என்று இருந்தால், கணினி உயிரோடு இருக்கிறது, கருவிகளோடு பேச்சுவார்த்தைதான் அறுந்திருக்கிறது.

வரிசையாக எழுப்புவது

வீட்டார் செய்யக்கூடிய ரீசெட் இதுதான்: அணைத்து, வரிசைப்படி மறுபடி போடுவது. வரிசைக்குக் காரணம் உண்டு. நீண்ட நேரம் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. ரிலே சில நொடியில் எழுந்து வைஃபையைத் தேடுகிறது. ரௌட்டர் தயாராக ஓரிரு நிமிடம் ஆகிறது. ராஸ்பெர்ரி பைக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். தேடிக் கிடைக்காத சில கருவிகள் சோர்ந்து நின்றுவிடுகின்றன. ஆகவே மற்றவை நம்பியிருக்கும் பெட்டியை முதலில் எழுப்ப வேண்டும்.

> 1. இன்டர்நெட் பெட்டி, ரௌட்டர், டிவிக்குப் பின்னால இருக்கிற சின்னக் கணினி, மூணையும் பிளக்ல அணைச்சிடுங்க. அரை நிமிஷம் பொறுங்க.
> 2. இன்டர்நெட் பெட்டியைப் போடுங்க. விளக்குகள் நிலையா நிக்கிற வரைக்கும், ரெண்டு மூணு நிமிஷம்.
> 3. ரௌட்டர். போன்ல வைஃபை கிடைக்கிற வரைக்கும் பொறுங்க.
> 4. சின்னக் கணினி. பத்து நிமிஷம் அதைத் தொடாதீங்க.
> 5. இன்னமும் வராத ரூமுக்கு மட்டும், அந்த ரூம் எம்.சி.பி.யை ஒரே ஒரு தடவை இறக்கிப் போடுங்க.

நான்காவது படியில் பொறுமைதான் கஷ்டம். ராஸ்பெர்ரி பை பெரும்பாலான வீடுகளில் ஒரு மெமரி கார்டிலிருந்துதான் ஓடுகிறது. அது எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் எழுதியது பாதியில் நின்று கார்டு பாழாகும். மென்பொருள் புதுப்பித்துக்கொண்டிருந்தால் எழுந்திருக்க வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். இரண்டு நிமிடத்தில் வரவில்லையே என்று மறுபடி மறுபடி பிடுங்குவதுதான் சின்னக் கோளாறைப் பெரிய கோளாறாக்குகிறது. பக்கம் திறக்கும் நிலையில் இருந்தால் பிளக்கைத் தொடவே வேண்டாம். `Settings`, பிறகு `System`, வலது மேல் மூலையில் பவர் குறி, அதில் `Restart Home Assistant`. அதுவே பாதுகாப்பான வழி.

பத்து நிமிடத்துக்குப் பிறகும் பக்கம் வராவிட்டால் அந்தச் சின்னக் கணினியின் இரண்டு விளக்குகளைப் பார்க்கச் சொல்லலாம். சிவப்பு, மின்சாரம் வருவதைக் காட்டுகிறது. பச்சை ஒழுங்கில்லாமல் மினுக்கினால் கார்டைப் படித்துக்கொண்டிருக்கிறது, நல்லது. பச்சை ஒரே எண்ணிக்கையில் சிமிட்டி, நிறுத்தி, மறுபடி அதே எண்ணிக்கையில் சிமிட்டினால் அது கோளாறின் குறியீடு. ஏழு சிமிட்டல் என்றால், தொடங்குவதற்கு வேண்டிய முக்கியக் கோப்பு கார்டில் கிடைக்கவில்லை என்று பொருள். அம்மா அதன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. எத்தனை முறை என்று எண்ணி மகனிடம் சொன்னால் போதும், சென்னையில் இருந்தபடியே அவருக்குப் புரிந்துவிடும்.

கரண்ட் வந்தும் இன்டர்நெட் வராத இரவுகளில் இன்னொரு விசித்திரம் நடக்கும். ராஸ்பெர்ரி பையின் பல மாடல்களில் கடிகாரத்துக்கென்று பேட்டரி இல்லை. இன்டர்நெட்டில் கேட்டுத்தான் மணியைத் தெரிந்துகொள்கிறது. கேட்க வழியில்லாவிட்டால் நின்ற நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். ஆறு மணிக்கு எரிய வேண்டிய வாசல் விளக்கு எட்டு மணிக்கு எரியலாம். இன்டர்நெட் வந்ததும் தானே சரியாகிவிடும், எதையும் தொட வேண்டியதில்லை. நள்ளிரவில் கரண்ட் வந்ததும் வீட்டு விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தால் அது வேறு விஷயம்: கரண்ட் வந்ததும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கருவியிலும் ஒரு அமைப்பு உண்டு. மோட்டாருக்கும் கீசருக்கும் அது ‘ஆஃப்’ என்று இருப்பதை மகன் ஊருக்குப் போகும்முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

தொடக் கூடாத பட்டன்

பெரும்பாலான ரிலேக்களில் ஒரே ஒரு சின்ன பட்டன்தான் இருக்கும். ஒருமுறை அழுத்தி விட்டால் விளக்கு எரியும், அணையும். அதே பட்டனை அழுத்திப் பிடித்தால் நடப்பது வேறு. பரவலாக விற்கும் சோனாஃப் ரிலேயில் ஐந்து நொடி பிடித்தால், புதிதாக இணைக்கக் காத்திருக்கும் நிலைக்குப் போய்விடும். அதில் டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருளைப் போட்டிருந்தால் நாற்பது நொடியில் அமைப்புகள் எல்லாம் அழியும். ரௌட்டரின் பின்னால் ஊசித் துளைக்குள் இருக்கும் பட்டனும் இதே ரகம்.

அணைத்துப் போடுவது தூங்கி எழுவது போல. பிடித்து அழுத்துவதில் ஞாபகமே போய்விடும். ஞாபகம் போன கருவியை மறுபடி இணைக்க வைஃபை பாஸ்வேர்டு, பழைய பெயர், அது எந்த ஆட்டோமேஷனில் இருந்தது என்பதெல்லாம் வேண்டும். அதனால் தாளில் ஒரே வரி போதும்: எந்த பட்டனையும் ஒரு நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். கஸ்டமர் கேரில் பேசுபவர் சொன்னாலும் சரி, வீட்டுக்கு வந்த கேபிள்காரர் சொன்னாலும் சரி, மகனைக் கேட்ட பிறகுதான்.

ஞாபகம் போகாமலேயே வீடு மொத்தமும் செயலிழக்கும் ஒரு சூழல் உண்டு. இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்து பழைய ரௌட்டரை எடுத்துப் புதிதை வைக்கிறார்கள். பெட்டி மேல் அச்சிட்ட பெயரும் பாஸ்வேர்டும் போனில் வேலை செய்கிறது, வந்தவர் கிளம்பிவிடுகிறார். வீட்டில் இருக்கும் இருபது கருவிகளும் பழைய பெயரைத் தேடிக்கொண்டே நிற்கின்றன. ஒவ்வொன்றாக ரீசெட் செய்ய உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். மருந்து மிக எளிது: புதிய ரௌட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்தால் பெரும்பாலானவை தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இடைவெளிகூட மாறக் கூடாது. இந்தக் கருவிகளில் பெரும்பாலானவைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், அதை அணைத்து வைக்கக் கூடாது. பாதுகாப்பு முறை WPA2 ஆக இருக்க வேண்டும், புதியதான WPA3 மட்டும் என்று வைத்தால் பழைய கருவிகள் சேராது. இந்த மூன்றையும் வந்தவர் முன்னிலையிலேயே செய்து தரச் சொல்லி அப்பா கேட்கலாம். அதற்குத் தாள் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கார்டு

மெமரி கார்டு என்றாவது ஒருநாள் போகும். மகன் கிளம்பும்முன் ஓடிக்கொண்டிருக்கும் கார்டை அப்படியே நகலெடுத்த இன்னொரு கார்டை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி வைக்கலாம். மாற்றுவது வீட்டாரால் முடிகிற வேலை. பிளக்கை அணைத்து, சின்னக் கணினியின் அடியில் இருக்கும் கார்டை உருவி, புதியதை அதே திசையில் செருகி, பிளக்கைப் போட வேண்டும். பிறகு பத்து நிமிடம்.

இதற்கும் எல்லை உண்டு. ஜனவரியில் எடுத்த நகலுக்கு மார்ச்சில் வாங்கிய விளக்கைத் தெரியாது. புதிதாகச் சேர்த்தவை பட்டியலில் இருக்காது, மாற்றிய நேரங்கள் பழையபடி ஆகும். ஹோம் அசிஸ்டன்ட் தானாகவே எடுக்கும் பேக்கப் இருந்தால் அந்த இடைவெளியை மகன் தூரத்திலிருந்தே நிரப்பலாம். ஆனால் அந்த பேக்கப் வீட்டுக் கணினிக்குள் மட்டும் இருந்தால் கார்டோடு சேர்ந்து அதுவும் போகும். வெளியே ஓர் இடத்திலும் ஒரு பிரதி வேண்டும். அதைத் திறக்க ஒரு நீண்ட சாவி எழுத்துத் தொடர் உண்டு. அது தொலைந்தால் பேக்கப் இருந்தும் இல்லாததுதான்.

அந்தச் சாவியோடு வைஃபை பாஸ்வேர்டும், ஹோம் அசிஸ்டன்ட் பாஸ்வேர்டும், கதவுப் பூட்டின் மாஸ்டர் எண்ணும் ஒட்டிய கவரில், நகைப்பெட்டியோடு இருக்கட்டும். சுவரில் ஒட்டும் தாளில் இவை வேண்டாம். வேலைக்கு வருபவர், விருந்தாளி என்று எல்லோர் கண்ணிலும் படும் தாள் அது. இன்னொன்று, கணக்குகள் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. ஹோம் அசிஸ்டன்டில் அப்பா பெயரில் இரண்டாவது நிர்வாகிக் கணக்கு ஒன்றைத் திறக்க முடியும். மற்ற ஆப்களில் குடும்பத்தினரைச் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓ.டி.பி. முழுக்க மகனின் நம்பருக்கே போகிற வீட்டில், அவர் விமானத்தில் இருக்கும் நான்கு மணி நேரம் எவராலும் உள்ளே நுழைய முடியாது. அவர் உடல்நலமில்லாமல் படுத்துவிட்டால் அந்த நான்கு மணி நேரம் எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது.

ஒத்திகை

தாளை இரண்டு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். முதல் பக்கம் கையால் இயக்குவது, இரண்டாம் பக்கம் கேள்விகளும் எழுப்பும் வரிசையும். எழுத்து பெரிதாக, டி.பி. பாக்ஸ் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். போனில் அனுப்பிய பி.டி.எஃப். வைஃபை இல்லாத இரவில் அகப்படாமல் போகலாம்.

எழுதியபின், மகன் இன்னும் ஊரில் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னக் கணினியின் பிளக்கைப் பிடுங்காமல், `Settings` வழியே முறையாக `Shut down system` கொடுத்து அணைக்கலாம். பிறகு தாளை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மகன் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். “எந்தப் பெட்டிடா இன்டர்நெட் பெட்டி? ரெண்டும் கறுப்பா இருக்கு” என்று அம்மா கேட்டால், அங்கே தாளில் குறை இருக்கிறது. பெட்டி மேலேயே 1, 2, 3 என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அந்த வரியைத் திருத்தி எழுதலாம். மேனுவலுக்குத் திருப்பி மோட்டாரைப் போட்டு நிறுத்துவதையும், 9 வோல்ட் பேட்டரியால் கதவைத் திறப்பதையும் அப்பா தன் கையால் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். கேள்வி வந்த வரிகளைத் திருத்தி, மறுபடி பிரின்ட் எடுத்து, தாளின் அடியில் தேதியும் எலக்ட்ரீஷியன் நம்பரும் எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது. அடுத்த முறை புதிதாக ஒரு கருவி வாங்கும் நாளில் அந்தத் தேதியையும் மாற்ற வேண்டியிருக்கும்.